ஃப்மாக்கும் டிஐசியும்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

பெப்டைடு கட்டும் வேலையில் அமீனை ஃப்மாக் கார்பமேட்டாக மூடி, கார்பாக்சில் முனையை டிஐசி எனும் கார்போடைஇமைடால் தூண்டி, கூடவே ஆக்சைமா சேர்ப்பது இன்று பலரும் கையாளும் முறை. ஃப்மாக் 1970-இல் வந்தது. கார்போடைஇமைடு அதைவிட மூத்தது. டிசிசி எனும் கார்போடைஇமைடைக் கொண்டு பெப்டைடு பிணைப்பை உருவாக்கலாம் என்று 1955-இலேயே காட்டிவிட்டார்கள். இரண்டையும் தனித்தனி வினைப்பொருள்களாக மட்டும் பார்த்தால் பல சிக்கல்களுக்குக் காரணமே பிடிபடாது. கார்பமேட் செய்யும் பெரிய உதவி, பக்கத்திலுள்ள கார்பாக்சில் தூண்டப்படும் அந்தச் சில நிமிடங்களில்தான் நடக்கிறது.

அமிலத்தோடு டிஐசி சேர்ந்ததும் ஓ-அசைல்ஐசோயூரியா உருவாகிறது. அதை அமீன் தாக்கினால் நமக்கு வேண்டிய பிணைப்பு கிடைக்கும். அமீன் வரத் தாமதமானால் அசைல் பகுதி ஆக்சிஜனிலிருந்து நைட்ரஜனுக்குத் தாவி என்-அசைல்யூரியா ஆகிவிடும். அங்கிருந்து மீள வழியில்லை. ஆக்சைமா முந்திக்கொண்டு அந்த அசைல் பகுதியைச் செயலூக்க எஸ்டராக வாங்கிவைத்துக்கொள்கிறது. இன்னோர் ஆபத்து ஆக்சசோலோன். தூண்டப்பட்ட கார்பனைலை அதே அமினோ அமிலத்தின் நைட்ரஜன் மேலிருக்கும் கார்பனைல் ஆக்சிஜன் தாக்கினால் இந்த வளையம் மூடும்; ஆல்ஃபா புரோட்டான் எளிதில் கழன்று எல் வடிவம் டி வடிவத்தோடு கலந்துபோகும். நைட்ரஜன் மேல் அசெட்டைல் போன்ற அமைடு இருந்தால் இது வேகமாக நடக்கும். கார்பமேட் இருந்தால் வளையம் அவ்வளவு எளிதில் மூடாது. மூடினாலும் புரோட்டான் அவ்வளவு எளிதில் கழலாது. சி முனையிலிருந்து என் முனைக்கு ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கோப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். தூண்டப்படுவது எப்போதும் கார்பமேட் மூடிய ஒற்றை அமிலம். வளர்ந்த சங்கிலி வெறும் அமீனாகக் காத்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டாக லியூ-என்கெஃபலின் அமைடை எடுத்துக்கொள்வோம்: டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபீனைல்அலனின், லியூசின். அளவு 0.1 மில்லிமோல். கிராமுக்கு 0.5 மில்லிமோல் ஏற்றம் உள்ள ரிங்க் அமைடு ரெசின் என்றால் 200 மி.கி. போதும். டிஎம்எஃப் கரைப்பானில் அரை மணி நேரம் ஊறவைத்து, 20% பிபெரிடின் கரைசலை முதலில் 5 நிமிடம், புதிதாக மாற்றி 15 நிமிடம் கொடுத்து ஃப்மாக்கைக் கழற்ற வேண்டும். பிறகு டிஎம்எஃப்பால் ஐந்து முறை கழுவல். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. எஞ்சிய பிபெரிடின் அடுத்து வரும் செயலூக்க எஸ்டரைத் தின்றுவிடும். வரும் அமிலத்தின் ஃப்மாக்கையும் கழற்றிவிடும்.

இணைப்புக்கு ஐந்து மடங்கு, அதாவது 0.5 மில்லிமோல். ஃப்மாக்-லியூசின் 177 மி.கி., ஆக்சைமா 71 மி.கி. இரண்டையும் 2 மி.லி. டிஎம்எஃப்பில் கரைத்து, 78 மைக்ரோலிட்டர் டிஐசி விட்டு, இரண்டு மூன்று நிமிடம் கழித்து ரெசின் மேல் ஊற்றி ஒரு மணி நேரம் குலுக்கலாம். ஃபீனைல்அலனினுக்கு 194 மி.கி., கிளைசினுக்கு 149 மி.கி., டெர்ட்-பியூட்டைல் மூடிய டைரோசினுக்கு 230 மி.கி. தனியாகக் காரம் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. இந்த முறையை நீண்ட நாள் விடாமல் வைத்திருக்க இதுவே முதல் காரணம். யூரோனியம் உப்புகள் வேகமானவைதான், ஆனால் அவற்றோடு டிஐபிஇஏ போன்ற காரம் வேண்டும். சிஸ்டீன் போன்றவற்றில் அந்தக் காரமே வடிவம் கலங்க வழி திறக்கிறது.

ஒவ்வொரு கழற்றலும் கணக்கோடு நடக்கிறதா என்று அறிய ஃப்மாக்கே வழி தருகிறது. கழன்ற டைபென்சோஃபுல்வீன் பிபெரிடினோடு சேர்ந்து 301 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும்; மோலார் உறிஞ்சுதிறன் ஏறக்குறைய 7800. இரு வடிநீரையும் சேர்த்து 25 மி.லி. ஆக்கி, அதை நூறு மடங்கு நீர்த்தால், 0.1 மில்லிமோலுக்கு 1 செ.மீ. குவளையில் 0.31 வர வேண்டும். அதே அளவு நீர்த்த பிபெரிடின் கரைசலை வெற்று மாதிரியாக வைக்க வேண்டும். லியூசினுக்கு 0.31, ஃபீனைல்அலனினுக்கு 0.30, அடுத்த கிளைசினுக்கு 0.25 என்று இறங்கினால் பழுது அந்தக் கிளைசின் இணைப்பில்தான். கைசர் சோதனையை இதற்கு மாற்றாக நினைக்காமல் துணையாக வைத்துக்கொள்வது நல்லது: இணைப்பு முடிந்த பின் சில ரெசின் மணிகளை எடுத்துச் சூடாக்கி, நீலம் வந்தால் அமீன் மிச்சம். (புரோலினில் நீலத்தை நம்ப முடியாது, அங்கே குளோரானில் சோதனை.) நீலம் வந்தபின் அதே கலவையை இன்னும் இரண்டு மணி நேரம் குலுக்குவதில் பெரிய பயன் இல்லை. டிஐசி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். வடித்துவிட்டுப் புதிய கலவையோடு மீண்டும் இணைக்க வேண்டும்.

டைரோசினின் ஃப்மாக்கைக் கழற்றிய பின், டிஎஃப்ஏ 95, நீர் 2.5, டிஐஎஸ் 2.5 என்ற விகிதக் கலவையில் இரண்டு மணி நேரம் வைத்து ரெசினிலிருந்து வெட்டி, குளிர்ந்த ஈத்தரில் வீழ்த்தினால், நிறை நிறமாலையில் 555.3 முதன்மைச் சிகரமாக நிற்க வேண்டும். அதன் அருகே வருபவைதான் நடந்ததைச் சொல்லும். 498.3 என்றால் ஒரு கிளைசின் விட்டுப்போயிற்று. 612.3 என்றால் ஒரு கிளைசின் கூடுதலாக ஏறிவிட்டது. கழுவல் போதாமல் பிபெரிடின் தங்கியிருக்கலாம், அல்லது பழைய டிஎம்எஃப்பில் சேர்ந்த டைமெத்தில்அமீன் இணைப்பின் நடுவே ஃப்மாக்கைக் கழற்றியிருக்கலாம். 518.3 வந்தால் டைரோசின் ஏறாமல் நின்ற நான்கு அலகுச் சங்கிலியோடு 126 கூடியிருக்கிறது. அமீன் நேராக டிஐசியைத் தாக்கிக் குவானிடின் ஆகிவிட்டது என்று பொருள். அந்தச் சங்கிலி அதோடு முடிந்தது. அமிலம் இல்லாமல் டிஐசியை மட்டும் ரெசின் மேல் விடக் கூடாது என்பது இதனால்தான். என்-அசைல்யூரியா இந்தப் பட்டியலில் வராது. அது ரெசினில் ஒட்டுவதில்லை, கழுவலோடு போய்விடும். நட்டம் அமினோ அமிலத்தில் மட்டும்.

டிசிசி பற்றி ஒரு சொல்: ரெசின் வேலைக்கு அது ஒத்துவராது. அதன் யூரியா கரையாமல் மணிகளுக்கிடையே படிந்து வடிகட்டியை அடைக்கும். டிஐசியின் யூரியா கரைந்து போய்விடும். கரைசலில் செய்பவர்களுக்கு இடிசி நல்லது, அதன் யூரியா நீரிலேயே கழுவப்படும். டிஐசி குப்பியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் ஈரம் புகுந்து யூரியாவாகிக்கொண்டிருக்கிறது. அந்தக் குப்பியை மாற்றிவிடலாம்.

கார்பமேட் தரும் காப்பு செல்லாத இடம் ஹிஸ்டிடின். டிரிட்டைல் ஒரு நைட்ரஜனை மூடினாலும் மற்றது திறந்தே இருக்கிறது. அது தன் ஆல்ஃபா புரோட்டானைத் தானே பிடுங்குகிறது. ஆக்சசோலோனுக்கு இங்கே வேலையே இல்லை, ஆகவே ஃப்மாக்கால் தடுக்கவும் முடியாது. இங்கே முன்தூண்டலை அறவே விட்டுவிட்டு, அமிலத்தையும் ஆக்சைமாவையும் ரெசினில் முதலில் விட்டு, டிஐசியைக் கடைசியில் சேர்க்க வேண்டும். சூடாக்கும் கருவி என்றால் 50 பாகைக்கு மேல் போக வேண்டாம். நிறையில் இந்தக் கலங்கல் தெரியாது, எல் வடிவும் டி வடிவும் ஒரே எடை. எச்பிஎல்சியில் சிகரத்தின் தோளாகவோ பக்கத்துச் சிகரமாகவோதான் காட்டிக்கொடுக்கும்.

பாதுகாப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. டிஐசி தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையை உண்டாக்கும், கண்ணில் பட்டால் கடும் கேடு; ஒரு துளி சிந்தினாலும் கையுறையை மாற்றுங்கள். டிஐசியும் ஆக்சைமாவும் டிஎம்எஃப்பில் சேர்ந்திருக்கையில் ஹைட்ரஜன் சயனைடு சிறிது வெளிவரும் என்பது உறுதியாகக் காட்டப்பட்டது. எனவே இரண்டையும் முன்கூட்டியே கலந்து வைக்காமல், கலப்பது, குலுக்குவது, கழிவைச் சேர்ப்பது எல்லாமே புகைக்கூண்டுக்குள் நடக்க வேண்டும். கழிவுக் குப்பியை இறுக மூடிப் பெஞ்சின் மேல் வைக்கக் கூடாது.