பாராட்டு மின்னஞ்சலில் மேலாளருக்கு எந்த இடம்: To-வா, CC-யா?

வேறொரு குழுவைச் சேர்ந்த பணியாளர் நமக்குச் செய்த உதவியை அவருடைய மேலாளரும் அறியும்படி சொல்வதற்கு மூன்று வழிகள் உண்டு: அலுவலக அரட்டைக் குழுவில் நன்றி சொல்லலாம், மேலாளருக்கு எழுதிப் பணியாளரை CC-யில் சேர்க்கலாம், பணியாளருக்கு எழுதி மேலாளரை CC-யில் சேர்க்கலாம். அண்மையில் நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி.

அரட்டைக் குழுவில் கைதட்டல் உடனே கிடைக்கும். மாலைக்குள் செய்தி மேலே போய் மறைந்துவிடும். மேலாளருக்கு நேரடியாக எழுதினால் அது பரிந்துரைக் கடிதத்தின் தொனியைப் பெற்றுவிடுகிறது; உழைத்தவர் தம்மைப் பற்றிய பேச்சை ஓரமாக நின்று கேட்பவராகிவிடுகிறார். விருதுக்குப் பெயரை முன்மொழிவதாக இருந்தால் மட்டும் அதுவே பொருத்தம்.

மூன்றாவது வழியின் பக்கம் என்னைச் சாய்த்தது ஆண்டு மதிப்பீடுதான். அதை எழுத உட்காரும் மேலாளர், அஞ்சல் பெட்டியில் அந்தப் பணியாளரின் பெயரைத் தேடும்போது, அப்படியே எடுத்தாளத்தக்க வாக்கியம் அங்கே இருக்க வேண்டும். “அருமையான பணி, நன்றி” என்பதை வைத்து அவரால் எதையும் நிறுவ முடியாது. ஆகவே நான் இப்படி எழுதினேன்:

“வங்கியிலிருந்து பதில் வரத் தாமதமானபோதெல்லாம் நம் மென்பொருள் அதே கட்டணக் கோரிக்கையை மீண்டும் அனுப்பியதால்தான் சிலரிடம் இருமுறை பணம் பிடிக்கப்பட்டது என்பதை நீங்கள் பதிவுகளிலிருந்து கண்டறிந்தீர்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பணம் பிடிக்காதபடி திருத்தினீர்கள். நாங்கள் கேட்டது இவ்வளவே. பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலையும் நீங்களாகவே எடுத்துத் தந்ததால், அவர்களிடமிருந்து புகார் வருமுன்பே பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.”

இதில் அதிக மதிப்புள்ளது கடைசி வாக்கியம். திருத்தம் நடந்தது மேலாளருக்கு வேறு வழியிலும் தெரிந்திருக்கும். கேட்காமலே செய்த வேலை, அதைப் பெற்றவர் சொன்னால்தான் தெரியவரும். பொருள் வரியிலும் வெறும் “நன்றி” போதாது. பணியாளரின் பெயரும் “இருமுறை கட்டணச் சிக்கல்” என்பதும் இருந்தால்தான் பல மாதம் கழித்துத் தேடுபவருக்கு அகப்படும்.

மேலாளரை BCC-யில் மறைப்பதை நான் ஏற்கவில்லை. பணியாளர் எழுதும் பதில் அவருக்குப் போகாது. மேலாளரே எல்லோருக்கும் பதில் எழுதிவிட்டால் மறைத்தது வெளிப்பட்டுவிடும்.

விவரமே வம்பாகும் இடமும் உண்டு. மேலாளர் கொடுத்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பணியாளர் நமக்கு உதவியிருந்தால், நம் பாராட்டே அவரைக் காட்டிக்கொடுக்கும். எனவே அனுப்புமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மேலாளருக்கும் அவருக்கும் ஏற்கெனவே மனக்கசப்பு இருக்கும் இடத்தில் இந்த முறை எப்படி எடுபடும் என்பதில் எனக்குப் போதிய அனுபவமில்லை. அங்கே மேலாளரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிடுவேன்.