வீட்டுக்கு வந்த விருந்தாளியும் மூன்று கல்யாணப் புத்தகங்களும்

கல்யாணமாகி மூன்றாவது மாதம். சென்னையில் ஒரு தேர்வு எழுத வேண்டும், வரட்டுமா என்று சித்தப்பா மகன் போன் செய்தான். "கேக்கணுமாடா, வா" என்றேன். தேனிப் பக்கம் எங்கள் வீட்டில் யார் வந்தாலும் உலையில் ஒரு பிடி அரிசி கூடும், அவ்வளவுதான். கணவர் வளர்ந்தது அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போன வீடு. கூடப் பிறந்த அக்காகூட முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் வருவார். தம்பி நான்கு நாள் தங்கினான். அவனிடம் இவர் நன்றாகத்தான் பேசினார். என்னிடம்தான் பேசவில்லை.

அந்த நான்கு நாளுக்குப் பிறகுதான், பரிசாக வந்து பிரிக்காமல் கிடந்த மூன்று புத்தகங்களையும் எடுத்தேன்.

முதலில் படித்தது கேரி சாப்மனின் 'ஃபைவ் லவ் லாங்வேஜஸ்' (1992). ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிடும். பாராட்டுச் சொல், கூட இருக்கும் நேரம், பரிசு, உதவி, தொடுதல் என்று அன்பைக் காட்ட ஐந்து வழிகளைச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் இவற்றில் ஒன்றுதான் பிரதானம் என்கிறார். என் வண்டியை இவர் ஞாயிறுதோறும் துடைத்து வைப்பதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது. நான் காத்திருந்ததோ ஒரு நல்ல வார்த்தைக்கு. ஆனால் விருந்தாளிப் பிரச்சினைக்கு இதில் பதில் இல்லை. சாப்மன் சபைப் போதகர். ஆலோசனை கேட்டு வந்தவர்களிடம் கண்டதை எழுதியவர். 2024இல் எமிலி இம்பெட்டும் உடன் ஆய்வாளர்களும் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆளுக்கொரு பிரதான மொழி என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. பெரும்பாலோருக்கு ஐந்துமே வேண்டியிருக்கிறது. "என் மொழி இதுதான், உனக்கு ஏன் தெரியவில்லை" என்று சண்டைக்கு இன்னொரு காரணமாகவும் இது மாறிவிடலாம்.

சூ ஜான்சனின் 'ஹோல்ட் மீ டைட்' (2008) வேறு இடத்தைத் தொடுகிறது. சண்டை எதைப் பற்றி என்பதைவிட, அது எப்படிச் சுழல்கிறது என்று பார்க்கச் சொல்கிறார். ஒருவர் பதில் கேட்டு நெருக்க, மற்றவர் ஒதுங்க, ஒதுங்க ஒதுங்க இவர் இன்னும் நெருக்க... எங்கள் வீடு அப்படியே அதில் இருந்தது. நான் குரலை உயர்த்தியது "நான் உனக்கு முக்கியமா?" என்று கேட்கத்தான். ஆனால் இந்தப் புத்தகம் கேட்பது மனம் திறந்த ஏழு நீண்ட உரையாடல்கள். பக்கத்து அறையில் மாமியார் படுத்திருக்கும் வீட்டில், வாய்விட்டுப் பேசிப் பழகாத ஆணிடம் இதை எடுத்த எடுப்பில் தொடங்க முடியாது.

எங்களுக்கு உதவியது ஜான் காட்மன், நேன் சில்வர் என்பவருடன் சேர்ந்து எழுதிய 'தி செவன் பிரின்சிபிள்ஸ் ஃபார் மேக்கிங் மேரேஜ் வொர்க்' (1999). வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகள் பேசுவதைப் படமெடுத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் காட்மன். தம்பதிகளின் சச்சரவுகளில் 69 சதவீதம் தீராதவை என்கிறார். படித்ததும் எனக்குப் பயமாக இருந்தது, பிறகு நிம்மதியாகவும் இருந்தது. வளர்ந்த விதத்தில் வருகிற வேறுபாட்டை யாரும் ஜெயிக்க வேண்டியதில்லை, அதோடு வாழ வழி கண்டால் போதும்.

அவர் சொல்லும் வேலை இரண்டு. முதலில், பிடிவாதத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று குறுக்கே பேசாமல் கேட்பது. இவரிடம் கேட்டேன். பத்தாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் வீடு நிறைய உறவினர்கள் தங்க, சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்த கதை அப்போதுதான் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் வீட்டில் சொல்லாமல் யாரும் வருவதில்லையாம்.

அடுத்தது இரண்டு வட்டம் வரைவது. உள்வட்டத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாதது, வெளிவட்டத்தில் விட்டுக்கொடுக்கக் கூடியது. என் உள்வட்டம்: வருகிற என் ஆட்களிடம் 'இப்ப வேண்டாம்' என்று சொல்ல மாட்டேன். அவருடையது: எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், நான் வேலை செய்யும் அறை எனக்கே வேண்டும். எத்தனை நாள், எங்கே படுப்பது என்பதெல்லாம் இருவருக்கும் வெளிவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே நான் "வா" என்று சொல்லலாம். போனை வைத்த கையோடு அவருக்குத் தகவல் போக வேண்டும். படுக்கை கூடத்தில். மூன்று இரவுக்கு மேல் என்றால் இருவரும் பேசி முடிவெடுப்பது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு மாற்றலாம் என்று வைத்துக்கொண்டோம்.

காட்மனிடம் எனக்கு ஒத்துவராத பகுதியும் உண்டு. மாமியார் விஷயத்தில் கணவன் மனைவி பக்கம் நிற்க வேண்டும் என்று தீர்ப்பாகவே எழுதுகிறார். குடும்பம் என்றால் இருவர் என்ற அமெரிக்கக் கணக்கு அது. பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் வீடுகளில் அதை அப்படியே எடுத்தால் வேறு சண்டை வரும்.

எது முதலில் என்று கேட்டால், காட்மன். வீட்டில் சத்தத்தைவிட மௌனம் அதிகம் என்றால் ஜான்சன். ஒருவருக்குப் படிக்கவே பொறுமை இல்லை என்றால் மட்டும் சாப்மன். அடி, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு மூன்றும் ஆகாது. அங்கே முதலில் வெளியாரின் உதவிதான் வேண்டும்.

வட்டங்களைப் பென்சிலால் தனித்தனியே வரைந்து முடித்த பிறகு காட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தால், நான் முதலில் செய்ததுபோல, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து உள்வட்டத்தைச் சிறிதாக்கிவிடுவீர்கள்.