கான்வெக்ஸ் பிளேட்: இரண்டு வருடம் காப்பாற்றியது, ஐந்து மாதம் புண்ணாக்கியது

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். “அக்கா, ஒரே லீக்கா இருக்கு. நீங்க எப்பவும் புகழ்வீங்களே அந்த கான்வெக்ஸ் பிளேட், அதையே நானும் வாங்கிடட்டுமா?” குடலை வயிற்றின் வழியே வெளியே எடுத்து, வருவதைப் பிடிக்க மேலே பை ஒட்டும் ஆபரேஷன் அவருக்கு முடிந்து ஒன்றரை வருடம். அந்தப் பையைத் தோலில் ஒட்டிப் பிடிப்பதுதான் பிளேட். எனக்கு நாலரை. அந்த பிளேட்டில் இன்னும் ஏழு என் அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. வேறு நாளாக இருந்தால் எடுத்துக்கொள் என்று கொடுத்திருப்பேன். கொடுக்கவில்லை. ஏன் என்று போனில் முழுதாகச் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது இலியோஸ்டமி, சிறுகுடல் முனையை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்தது. வெளியே தெரியும் அந்த முனைதான் ஸ்டோமா. நல்லபடியாக அமைந்தால் அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு, வருவதை நேரே பைக்குள் விடும். என்னுடையது முதல் சில மாதங்களிலேயே உள்வாங்கிவிட்டது. படுத்தால் தோல் மட்டத்துக்கு இருக்கும். உட்கார்ந்தால் வயிற்று மடிப்புக்குள் போய்விடும். அப்போது வெளியேறுவது பைக்குள் விழாமல் பிளேட்டுக்கு அடியில் ஓடும். சிறுகுடலில் இருந்து வருவதில் செரிமான நொதிகள் அப்படியே இருப்பதால், அது தோலையும் உணவைப் போலத்தான் நடத்தும். சில மணி நேரத்திலேயே எரிச்சல், ஒரு நாளில் தோல் உரிந்து ஈரமாகிவிடும்.

அப்போதுதான் ஸ்டோமா நர்ஸ் கான்வெக்ஸ் பிளேட்டைக் கொடுத்தார். நடுப்பகுதி வயிற்றுப் பக்கமாகப் புடைத்து, கெட்டியாக இருக்கும். ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோலை அது உள்ளே அழுத்துவதால், புதைந்திருக்கும் முனை வெளியே எட்டிப் பார்க்கும். இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி ஒரு பெல்ட். தினமும் ஒன்று, சில நாள் இரண்டு என்று மாற்றிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு பிளேட் நாலு நாள் நின்றது. ராத்திரி நடுவில் விழிக்காமல் தூங்கினேன். பார்த்தவர்களிடமெல்லாம் அதைப் புகழ்ந்தேன். அந்தப் புகழ்ச்சியில் ஒரு வார்த்தையைக்கூட இப்போது திரும்பப் பெறமாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து நாலு நாள் மூன்றானது. பிறகு இரண்டு. பிறகு ஒரே நாள். கம்பெனி பசையை மாற்றிவிட்டது என்றே நினைத்தேன். வேறு பேட்ச் கேட்டு வாங்கினேன். ஓரத்தில் பேஸ்ட் அதிகம் வைத்தேன், பவுடரை அள்ளிப் போட்டேன், பெல்ட்டை இரண்டு இன்ச் இறுக்கினேன். ஒவ்வொன்றும் ஒரு வாரம் உதவியது மாதிரி இருக்கும், அப்புறம் பழைய கதைதான். பவுடர் அதிகமானால் பிளேட் ஒட்டாது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. ஈரமான இடத்தில் மட்டும் லேசாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, மேலே பாதுகாப்புப் படலத்தைத் தடவ வேண்டும். தோல் ஆறியதும் பவுடரையே நிறுத்திவிட வேண்டும்.

இப்படியே ஐந்து மாதம் போனது. கடைசியில் ஒரு நாள் பிளேட்டைக் கழற்றியபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று பிளேட்டின் பின்பக்கம். ஓட்டையின் கீழ் ஓரத்தில், கடிகாரத்தில் 5 முதல் 7 மணி வரை இருக்கும் இடத்தில், பசை ஊறி வெளுத்துக் கரைந்திருந்தது. தோலிலும் அதே இடம்தான் சிவந்து உரிந்திருந்தது. இது லீக்கின் அடையாளம். பசையே ஒத்துக்கொள்ளாமல் அலர்ஜி என்றால், பிளேட் பட்ட இடம் முழுக்க அதே வடிவத்தில் சிவக்கும். பூஞ்சை என்றால் பெரும்பாலும் அரிப்போடு, ஓரத்துக்கு வெளியே சின்னச் சின்னப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இரண்டாவது விஷயம்தான் என்னைப் பயமுறுத்தியது. ஸ்டோமாவில் இருந்து ஒரு விரல் தள்ளி, பிளேட்டின் புடைப்பு எங்கே அழுத்துமோ சரியாக அந்தக் கோட்டில், பிறை மாதிரி ஊதா நிறக் கன்றல். அதன் ஒரு முனையில் தோல் பிளந்து சின்னப் பள்ளம்.

அடுத்த நாளே போனேன். நர்ஸ் என்னைப் படுக்கச் சொல்லவே இல்லை. “முதல்ல நில்லுங்க, மேல் துணியைத் தூக்கிப் பிடிங்க, இருமுங்க” என்றார். ஸ்டோமாவின் வெளிப்பக்கமாக, தோலுக்கு அடியில் ஒரு மேடு எழும்பி வந்தது. படுத்ததும் போய்விட்டது. தலையை மட்டும் தூக்கச் சொன்னார், மறுபடி எழும்பியது. நான் பிளேட் மாற்றுவது எப்போதும் படுத்துக்கொண்டுதான். அதனால் அந்த மேட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மாலையில் அந்தப் பக்கம் கனமாக இழுப்பது போல இருக்கும். அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அது ஸ்டோமா பக்கத்து ஹெர்னியா. குடலை வெளியே எடுக்க வயிற்றுத் தசையில் ஒரு வழி செய்கிறார்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்தில் அந்த வழி மெல்ல அகன்று, ஸ்டோமாவை ஒட்டியே வேறு குடல் வளையமோ கொழுப்போ தோலுக்கடியில் தள்ளிக்கொண்டு வரும். அரிதான ஒன்றே இல்லை. நிரந்தர ஸ்டோமா உள்ளவர்களில் காலப்போக்கில் பாதிப் பேர் வரை வரலாம், பெரும்பாலும் முதல் சில வருடங்களில்.

என் பிளேட் ஏன் தோற்றது என்பதும் அப்போதுதான் புரிந்தது. குழியாக இருந்த வயிற்றுக்குப் புடைத்த பிளேட் பொருந்தியது. வயிறே மேடான பிறகு அது பந்தின் மேல் இன்னொரு பந்தை உட்கார வைப்பது போல. நடுவில் மட்டும் தொடும், ஓரம் தூக்கிக்கொள்ளும், அசையும்போதெல்லாம் ஆடும். அது ஆட ஆட நான் பெல்ட்டை இறுக்கினேன். இறுக்க இறுக்க கெட்டியான புடைப்பு தோலைக் குத்தியது. ஹெர்னியா மேல் கெட்டியான கான்வெக்ஸை யாரும் பார்க்காமல் தொடர்ந்து போட்டால் அழுத்தப் புண் வரும் என்று நர்ஸ் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பொருளின் மேல் இல்லை. இரண்டு வருடம் அதே நம்பர் பிளேட் தவறாமல் வீட்டுக்கு வந்தது. ஆர்டர் எடுத்தவர்கள் எத்தனை பெட்டி என்று கேட்டார்கள், கடைசியாக எப்போது வயிற்றை அளந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது போடுவது தட்டையான, துணி மாதிரி வளையும் பிளேட். அதன் வெளி ஓரத்தில் நாலைந்து இடத்தில் சின்ன வெட்டு வெட்டிக்கொள்கிறேன்; அப்போதுதான் மேட்டின் சரிவில் சுருக்கம் விழாமல் படியும். ஓட்டையை நின்றபடி அளக்கிறேன். படுத்தால் வட்டமாக இருப்பது நின்றால் முட்டை வடிவமாகிறது. அந்த வடிவத்துக்கு, சுற்றிலும் 2 மில்லிமீட்டர் மட்டும் இடம் விட்டு வெட்டுகிறேன். மேடு மறைப்பதால் கீழ் ஓரம் எனக்குத் தெரியாது. லீக் ஆவதும் அங்கேதான். அதனால் இடுப்பு உயரத்தில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, நின்றுகொண்டு ஒட்டுகிறேன். அந்தக் கண்ணாடி செய்த உதவியை எந்தப் பேஸ்ட்டும் செய்யவில்லை.

உரிந்த தோல் இரண்டு வாரத்தில் மறுபக்க வயிற்றுத் தோல் போலவே ஆகிவிட்டது. ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோலுக்கு அதுதான் அளவுகோல். அழுத்தப் புண் ஆற ஆறு வாரம் பிடித்தது, அந்த இடத்தில் இன்னும் கறுப்பு இருக்கிறது. பிளேட் மூன்று நாள் நிற்கிறது. பழைய நாலு நாள் திரும்பவில்லை.

ஹெர்னியாவுக்கு என்று அளவெடுத்து வாங்கிய அகலமான சப்போர்ட் பெல்ட்டும் உண்டு. காலையில் எழுவதற்கு முன்பு, மேடு உள்ளே போயிருக்கும்போது படுத்தபடியே போட வேண்டும். நின்றபடி போட்டால் வெளியே வந்ததை வெளியிலேயே வைத்துக் கட்டியதாகிவிடும். இழுப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் பையை நசுக்குகிறது. வருவது கீழே இறங்காமல் மேலேயே தேங்கி ஓரத்தைத் தேடுகிறது, அதனால் பை மூன்றில் ஒரு பங்கு நிறைவதற்குள்ளேயே காலி செய்கிறேன். இது எனக்குத் தீராத எரிச்சல். ஒரு மாலை பெல்ட்டைக் கழற்றியபோது ஸ்டோமா வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீண்டிருந்தது. படுத்து அரை மணி நேரத்தில் தானாக உள்ளே போனது. நிறம் சிவப்பாகவே இருந்தது, வருவதும் நிற்கவில்லை. அதனால் காலை வரை பொறுத்து நர்ஸை அழைத்தேன். ஹெர்னியாவும் குடல் வெளித்தள்ளலும் சேர்ந்து வருவது உண்டாம். நீளும்போது ஓட்டையின் ஓரம் குடலை அறுக்கக்கூடும், ஸ்டோமாவில் வலி தெரியாது என்பதால் நமக்கும் புரியாது. இப்போது தினமும் மாலையில் ஒரு தடவை பார்க்கிறேன்.

சர்ஜன் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார். வலை வைத்துத் தைத்தாலும் கணிசமானவர்களுக்குத் திரும்ப வருகிறது, இடம் மாற்றினால் புது இடத்திலும் வரலாம். அடைப்பு, தொடர்ந்த வலி, எதைப் போட்டாலும் பை நிற்காத நிலை, இவற்றில் ஒன்று வந்தால் பேசலாம் என்றார்.

ராத்திரியே கிளம்ப வேண்டியது எப்போது என்பதையும் எழுதித் தந்திருக்கிறார், குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். மேடு கல் போலாகி, வலித்து, படுத்தாலும் உள்ளே போகாமல் இருந்தால். வாந்தியோடு வயிறு முறுக்கினால். என்னைப் போல இலியோஸ்டமி உள்ளவருக்கு முறுக்கு வலியோடு நாலைந்து மணி நேரம் எதுவும் வராவிட்டால். ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால். வெளித்தள்ளிய குடல் வீங்கி உள்ளே போகாவிட்டால். இவற்றுக்கு போன் செய்து காத்திருக்கக் கூடாது. பிளேட் நிற்கும் நாட்கள் குறைவதும், புதிதாக ஒரு புடைப்பும், ஒரு வாரத்தில் ஆறாத தோலும் அந்த வாரத்திலேயே நேரம் வாங்கிப் போக வேண்டியவை. அவற்றுக்குத்தான் நான் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன்.

கான்வெக்ஸ் நல்ல பொருளா? ஸ்டோமா உள்வாங்கியவருக்கு அதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. வாங்கச் சொல்வேனா? மாட்டேன். அலமாரியில் இருக்கும் அந்த ஏழு பிளேட்டையும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

தம்பிக்கு இன்று காலை பதில் சொன்னேன். கழற்றும்போது பிளேட்டின் பின்பக்கத்தையும் தோலையும் சேர்த்து ஒரு போட்டோ. சட்டையைத் தூக்கிப் பக்கவாட்டில் நின்று ஒன்று, உட்கார்ந்து ஒன்று, படுத்து ஒன்று. நாலையும் எடுத்துக்கொண்டு நர்ஸைப் பாருங்கள் என்றேன். மதியம் படங்களை எனக்கும் அனுப்பினார். நிற்கும் படத்தில் வலது பக்கம் இடதைவிடக் கொஞ்சம் முன்னே வந்திருக்கிறது. வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார்.