ஜெயிச்ச பந்தயத்துல 3,000 ரூபாய் நஷ்டம்: கோல்ஃப் 'டாப் 5'ல பணம் போடுறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கல. கோவத்துல எழுதுறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

நான் பூம்பாறைப் பக்கம். சின்ன வயசுல கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்துல காட்டுமாட்டுக்கு நடுவுல பை தூக்குனவன். அதனால ஆட்டம் எனக்குத் தெரியும்னு ஒரு திமிர். அந்தத் திமிர்தான் என்னைக் கவுத்துச்சு.

போன மாசம் ஒரு ஏஜெண்டு தம்பி, வெளிநாட்டு பெட்டிங் ஆப் ஒண்ணைப் போன்ல ஏத்திக் கொடுத்தான். பேர் சொல்ல மாட்டேன், சொன்னா அதுவே விளம்பரமாயிடும். அமெரிக்காவுல நடக்குற போட்டி, நான் நம்புன ஆட்டக்காரன் முதல் 5 இடத்துக்குள்ள முடிச்சா ஒண்ணுக்கு அஞ்சு. பூண்டு வித்த காசுல 8,000 போட்டேன். போடுறதுக்கு முன்னாடி கேட்டேன், சும்மா இல்ல. "தம்பி, கோல்ஃப்ல நாலஞ்சு பேர் ஒரே ஸ்கோர்ல முடிப்பாங்களே, அப்போ?" "அண்ணே, போர்டுல அஞ்சுன்னு வந்துட்டா பணம் உங்களுது, 40,000 எண்ணி வாங்கிக்குங்க"ன்னான். அந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு.

திங்கக்கிழமை விடிகாலை, கம்பளிக்குள்ள போனை வச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன். நம்மாளு ஒன்பது அண்டர்ல, அதாவது மைதானத்துக்குன்னு வச்ச அடிக்கணக்கை விட ஒன்பது கம்மியா முடிச்சிட்டான். அவனுக்கு மேல 5 பேர். அவனோட சேர்த்து ஒன்பதுல 7 பேர். அதாவது ஆறாவது இடம், போச்சுன்னு நினைச்சேன். கடைசி குரூப்ல பத்து அண்டர்ல இருந்தவன் கடைசியான பதினெட்டாவது குழியில ஒரு அடி கூடுதலா, போகி அடிச்சு ஒன்பதுக்கு இறங்கினான். போர்டுல நம்மாளு பேருக்கு முன்னாடி T5, சமமா அஞ்சாவது இடம். கத்தின கத்துல வீட்டுக்காரி எழுந்துட்டா.

காலையில கணக்குல ஏறியிருந்தது 5,000. நாற்பதாயிரம் இல்ல, 5,000. போட்டதே 8,000!

ஏஜெண்டுக்குப் போன் போட்டா, "டெட் ஹீட் அண்ணே, ரூல்ஸ்ல இருக்கு"ன்னு வச்சிட்டான். ஆப்புல சாட் பண்ணினா, எதைக் கேட்டாலும் அதே நாலு வரியை ஒட்டுறாங்க. மறுநாள் ஏஜெண்டு போனே எடுக்கல. பஸ் ஸ்டாண்டுல பிடிச்சேன். "அடுத்த மேட்ச்ல எடுத்துடலாம்ணே"ன்னு டீ வாங்கிக் கொடுக்கிறான். என் 3,000 ரூபாய்க்கு ஒரு டீ.

அந்த ரூல் என்னன்னு நானே உட்கார்ந்து பிரிச்சேன். கோல்ஃப்ல முதலிடத்துக்கு மட்டும்தான் பிளேஆஃப். மத்த இடத்துல சமமா வந்தா சமமாவே விட்டுடுவாங்க. நம்மாளுக்கு மேல 4 பேர் தெளிவா முடிச்சிட்டாங்க, அப்போ அஞ்சுல மிச்சம் ஒரே இடம். அந்த ஒரு இடத்துக்கு ஒன்பதுல நின்னவங்க 8 பேர். ஒண்ணை எட்டால வகுத்து, என் 8,000-ல 1,000 மட்டும் ஜெயிச்சதா எடுத்துக்கிட்டு அதுக்கு அஞ்சு மடங்கு, 5,000. மிச்சம் 7,000 தோத்த கணக்கு. விலை மேல கை வைக்கல, போட்ட பணத்தையே வெட்டிட்டாங்க. ஒண்ணுக்கு எட்டுக்குக் குறைவா எந்த விலையில போட்டிருந்தாலும் எனக்கு நஷ்டம்தான்.

அதே ஆட்டத்துல மேல 2 பேர் மட்டும் இருந்து, மூணாவது இடத்துல 3 பேர் சமமா நின்னிருந்தா வெட்டே கிடையாது. மூணு, நாலு, அஞ்சு மூணுமே உள்ளதானே வருது. அஞ்சு பேர் நின்னிருந்தா அஞ்சுல மூணு பங்கு, 24,000. ஆக T3, T5-ன்னு போர்டுல தெரியறது பாதிதான். அதுல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு எண்ணணும். போகி அடிச்சு இறங்குனவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே, அவன்தான் எட்டாவது பங்காளி.

ஆட்டக்காரனுக்கும் பரிசுப் பணத்தைப் பிரிச்சுத்தான் தர்றாங்க. ஆனா அஞ்சாம் இடத்துலேர்ந்து பன்னெண்டாம் இடம் வரைக்கும் உள்ள பரிசையெல்லாம் கூட்டி எட்டாப் பிரிப்பாங்க. அவன் கையிலேர்ந்து எதுவும் போகாது. எனக்கு ஆறிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் பூஜ்யம்.

வயித்தெரிச்சல் என்னன்னா, அதே ஆப்புல 'டை உட்பட'ன்னு இன்னொரு வரி இருந்துச்சு. ஒண்ணுக்கு நாலு. அதுல போட்டிருந்தா முழுசா 32,000. விலை குறைவுன்னு அதைத் தள்ளினதே அந்தத் தம்பிதான்.

போலீஸ்ல சொல்லுன்னு மச்சான் சொல்றார். பணம் வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்தையே 2025-ல மத்திய சட்டம் தடை பண்ணியிருக்கு, நான் எந்த முகத்தோட போய் நிக்கிறது?

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. பணம் வச்சு ஆடாதீங்க, அவ்வளவுதான். வெளிநாட்டுல சட்டப்படி ஆடுற சொந்தக்காரங்க இருந்தா, டெட் ஹீட் ரூலைப் படிக்கச் சொல்லுங்க, 'டை உட்பட'ன்னு எழுதியிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. ஏஜெண்டு வாய்ஸ் மெசேஜை நம்ப வேண்டாம். அந்தத் தம்பி இப்போ மன்னவனூர் பக்கம் ஆள் பிடிக்கிறானாம்.