பிட் கேப், காஸ்ட் கேப், லோயஸ்ட் காஸ்ட்: கடைசி ஆர்டருக்கு எவ்வளவு கொடுக்கிறோம்?

மெட்டா விளம்பரத்தில் பட்ஜெட்டை உயர்த்தினால் ஆர்டர் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. விளம்பரம் காட்டும் வாய்ப்பை வாங்கும் மூன்று ஏல முறைகளில் எதைப் பிடிப்பது என்பது இதைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. போதுமான விற்பனை வரலாறு உள்ள கணக்குக்கு எங்கள் தேர்வு பிட் கேப். வரலாறு இல்லாத கணக்குக்கு லோயஸ்ட் காஸ்ட். காஸ்ட் கேப் பார்வைக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தாலும் மூன்றாவது இடத்தில்தான் வைப்போம்.

தெரிந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லோயஸ்ட் காஸ்ட் (திரையில் Highest volume) உங்கள் பட்ஜெட்டை முழுவதும் செலவழித்து, அதற்குள் எத்தனை ஆர்டர் கிடைக்குமோ அத்தனையும் வாங்கப் பார்க்கும். விலைக்கு வரம்பு கிடையாது, பட்ஜெட் ஒன்றுதான் கடிவாளம். காஸ்ட் கேப் (திரையில் Cost per result goal) ஓர் ஆர்டரின் சராசரிச் செலவை நீங்கள் சொன்ன தொகையை ஒட்டி வைத்திருக்க முயலும். உத்தரவாதம் கிடையாது. பிட் கேப் சராசரியைப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் ஏலத்திலும் இந்தத் தொகைக்கு மேல் கேட்காதே என்று கட்டளையிடுகிறது.

சராசரிக்கும் உச்சத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் எல்லாம். ஒரு கணக்கைப் பார்ப்போம். விளம்பரச் செலவு நீங்கலாக ஓர் ஆர்டரில் 400 மிஞ்சுகிறது என்று வையுங்கள். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். லோயஸ்ட் காஸ்ட்டில் நாளுக்கு 3000 செலவிட்டால் 12 ஆர்டர், சராசரி 250. பட்ஜெட்டை 5000 ஆக்கினால் 16 ஆர்டர், சராசரி சுமார் 312. அறிக்கையைப் பார்ப்பவர், 312 என்பது 400க்குள்தானே என்று திருப்தி அடைவார். ஆனால் கூடுதலாகக் கொடுத்த 2000க்கு வந்தவை நான்கே ஆர்டர்கள், ஒவ்வொன்றும் 500. முன்பு நாள் லாபம் 1800, இப்போது 1400. விற்பனை கூடி லாபம் குறைந்திருக்கிறது, சராசரி அதை மறைத்துவிட்டது.

காஸ்ட் கேப்பை 320 என்று வைத்தாலும் இந்த நான்கு ஆர்டர்களும் உள்ளே வந்துவிடும். மலிவான 12 ஆர்டர்கள் சராசரியைக் கீழே இழுத்துப் பிடிப்பதால், 500க்கு வாங்கவும் இடம் கிடைக்கிறது. பிட் கேப்பை 400 என்று வைத்தால் அந்த வாசல் அடைபடும். ஏலத்தில் பொதுவாக நாம் கேட்ட விலையைவிடக் குறைவாகவே கட்டுவதால், 400 கேப்பில் சராசரி அதற்குக் கீழேதான் நிற்கும். ஆகவே பிட் கேப்புக்கான எண்ணை எடுக்க வேண்டிய இடம் ஓர் ஆர்டரில் மிஞ்சும் தொகை. விளம்பர அறிக்கையின் சராசரியிலிருந்து எடுத்தால் தவறு.

கேப் வைத்தபின் பட்ஜெட் செலவாகாமல் விளம்பரம் பட்டினி கிடப்பதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சராசரி 250 என்று பார்த்தவர் பிட் கேப்பையும் 250 என்றே வைக்கிறார். அந்தச் சராசரி, 250க்கு மேல் கேட்டு வென்ற ஏலங்களும் சேர்ந்தது என்பதை மறந்துவிடுகிறார். ஏலத்தில் உங்கள் பலம் என்பது நீங்கள் கேட்கும் விலையான பிட்டை, விளம்பரம் பார்க்கும் நபர் வாங்குவார் என்று மதிப்பிடப்படும் வாய்ப்பால் பெருக்கி, விளம்பரத் தரத்துக்கான மதிப்பைக் கூட்டியது. தரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், போட்டியாளர்கள் 1000 காட்சிக்கு 320 கொடுக்கும் சந்தையில் 400 பிட் வைத்தவர், 1000 காட்சிக்கு 0.8 ஆர்டராவது தரக்கூடிய கூட்டத்தையே வெல்ல முடியும். 250 வைத்தவருக்கு 1.28 ஆர்டர் தரும் கூட்டம் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் சிலரே. செலவு ஏறாமல் படுத்துவிடும். இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: விளம்பரமும் பொருள் பக்கமும் நன்றாகி வாய்ப்பு விகிதம் ஏறினால், கேப்பைத் தொடாமலே செலவு உயரும்.

இரண்டாவது காரணம் கண்ணில் படாதது. வரும் ஆர்டர்களில் 80 சதவீதம்தான், உங்கள் தளத்தில் நடக்கும் வாங்குதலை மெட்டாவுக்குச் சொல்லும் பிக்சலில் பதிவாகிறது என்றால், விளம்பர இயந்திரம் ஒவ்வோர் ஆர்டரையும் உண்மையைவிட விலை உயர்ந்ததாகப் பார்க்கிறது. 400 மிஞ்சுகிற இடத்தில் கேப் 400ஐ 0.8ஆல் வகுத்து 500 என்று இருக்க வேண்டும். எனவே கேப் வைக்கும் முன் ஒரு வாரத்து ஆர்டர் பட்டியலையும் Ads Manager திரை காட்டும் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறாக, விளம்பரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர்களும் கணக்கில் ஏறுகிறார்கள் என்றால், கேப் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

மூன்றாவது, புதிய விளம்பரத் தொகுப்பில் நேரடியாகக் கேப் வைப்பது. விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று மெட்டா பழகும் கற்றல் கட்டம் முடிய ஏழு நாளில் சுமார் 50 முடிவுகள் தேவை. கேப் முதல் நாளே கதவைச் சாத்தினால் அந்த 50 வராது, Learning limited என்று நிலை மாறி நிற்கும். அதனால் முதலில் லோயஸ்ட் காஸ்ட்டில் அந்த 50ஐ எடுத்துவிட்டு, பிறகு கேப்புக்கு மாறுவதே நல்லது. வாரம் 50 முடிவுக்குப் பட்ஜெட்டே போதாதவர்கள் கேப் பக்கமே போக வேண்டாம். அவர்களுக்குச் சின்ன பட்ஜெட்டே நல்ல வரம்பு.

கேப் வைத்த பிறகு பட்ஜெட் தீரவில்லை என்றவுடன் பதற வேண்டியதில்லை. 5000 பட்ஜெட்டில் 400 கேப் வைத்து 3700 செலவானால், அது கேப் தன் வேலையைச் செய்வது. மிச்சம் நட்டமான ஆர்டர்களுக்குப் போகாத பணம். அதே பட்ஜெட்டில் 300தான் செலவு, காட்சிகள் சில நூறு, ஆர்டர் ஒன்று அல்லது பூஜ்யம் என்றால் அதுதான் பட்டினி. கேப் உங்கள் உண்மையான மிஞ்சும் தொகைக்குக் கீழே இருந்தால், 10 முதல் 15 சதவீதம் ஏற்றி, இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். தினமும் தொட்டால் கற்றல் மீண்டும் தொடங்கும் அபாயம் உண்டு. மிஞ்சும் தொகையை எட்டிய பிறகு ஏற்றாதீர்கள். அங்கே சிக்கல் கேப்பில் இல்லை, விளம்பரத்தில், பக்கத்தில் அல்லது பொருளின் லாபத்தில் இருக்கிறது.

அந்த நிலையில் சிலர் இலக்கை முந்தைய படிக்கு மாற்றுவார்கள். கூடையில் சேர்ப்பவர்களில் நால்வரில் ஒருவர் வாங்குகிறார் என்றால் கேப் 100. எண்ணிக்கை எளிதில் சேரும், செலவும் ஏறும். ஆனால் கூடையில் சேர்ப்பவர்களைத் தேடச் சொன்னால் சேர்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம் வரக்கூடும். நான்கில் ஒன்று என்ற விகிதத்தை வாராவாரம் சரிபார்க்காமல் இதை நம்ப முடியாது.

காஸ்ட் கேப்புக்கும் ஓர் இடம் உண்டு. பெயர், தொலைபேசி எண் திரட்டும் விளம்பரங்களில், ஒரு தொடர்பு கடைசியில் எவ்வளவு ஈட்டித் தரும் என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். மிஞ்சும் தொகையே ஊகமாக இருக்கும்போது பிட் கேப்பின் துல்லியம் பயன்படாது. கடந்த வாரச் சராசரிக்கு மேல் 10 முதல் 20 சதவீதம் வைத்துக் காஸ்ட் கேப்பில் ஓட்டலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இரண்டு மூன்று நாள் முடிவுகள் விலை ஏறி வந்தால், சராசரியை இறக்க அது ஏலத்தில் பின்வாங்கும், காட்சி குறையும், முடிவும் குறையும், மீண்டு எழத் தரவே இல்லாமல் போகும். அப்போது கேப்பைச் சற்றே தளர்த்துவது உதவும். ஒரு வாரம் ஆகியும் அசையாவிட்டால், அந்தத் தொகுப்பை மூடி லோயஸ்ட் காஸ்ட்டில் புதிதாகத் தொடங்குவதே வேகமான வழி.