இருட்டில் படிப்பவருக்கு எந்தத் திரை?

சுங்கை சிப்புட் டவுனில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி உடைந்தது, பேட்டரி உப்பியது, மழையில் நனைந்தது என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். போன வருடக் கடைசியில் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர், ஒரு கீறல்கூட இல்லாத புதுக் கைப்பேசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “தம்பி, இதைப் பார்த்தாலே தலை வலிக்குது. திரையில ஏதோ கோளாறு. பழசு நல்லாத்தானே இருந்துச்சு” என்றார்.

விவரம் கேட்டேன். பள்ளியில் பகல் முழுக்கப் பயன்படுத்தினாலும் ஒன்றும் இல்லை. இரவில் பிள்ளை தூங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, பெற்றோர் அனுப்பிய செய்திகளையும் மறுநாள் பாடத்தையும் படிக்கும்போதுதான் வருகிறது. பதினைந்து நிமிடத்தில் கண்ணுக்குப் பின்னால் வலி. ஈப்போவுக்குப் போய்க் கண்ணைச் சோதித்து, கண்ணாடியும் மாற்றிவிட்டார். வலி மட்டும் போகவில்லை. பழைய கைப்பேசியில் எல்சிடி திரை, புதியதில் ஓஎல்இடி. பிள்ளை விழித்துவிடும் என்று வெளிச்சத்தை எப்போதும் அடிமட்டத்துக்கு இறக்கி வைப்பாராம். இதைக் கேட்டதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

திரையின் வெளிச்சத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மின்னோட்டத்தையே குறைப்பது. அடுப்புத் தீயைச் சின்னதாக வைப்பது போல. இதை டிசி முறை என்பார்கள். இன்னொன்று, முழு வெளிச்சத்தை அப்படியே விட்டு, நொடிக்குப் பலநூறு முறை அணைத்து அணைத்து எரிப்பது. அதுதான் பி.டபிள்யூ.எம். அணைந்திருக்கும் நேரம் கூடக்கூடத் திரை மங்கலாகத் தெரியும். ஓஎல்இடி புள்ளிகளுக்கு மின்னோட்டத்தை மிகவும் குறைத்தால் நிறம் பிசகும், சாம்பல் நிறப் பரப்பு திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால்தான் பல நிறுவனங்கள், குறிப்பாக வெளிச்சம் குறைவாக இருக்கும்போது, இரண்டாவது வழிக்குப் போகின்றன.

நொடிக்கு 240 முறை துடிக்கும், அதாவது 240 ஹெர்ட்ஸ் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 மில்லி வினாடி. வெளிச்சம் கால் பங்கு என்றால் 1 மில்லி வினாடி எரியும், 3 மில்லி வினாடி இருட்டு. நேராகப் பார்த்தால் யாருக்கும் இது தெரியாது. ஆனால் படிக்கும்போது கண் ஒரே இடத்தில் நிற்பதில்லை, வரிக்கு வரி தாவிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாவலின் போது, துடிக்கும் வெளிச்சம் பார்வையில் தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறி விழுகிறது. சிலருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிலருக்குத் தலைவலியாகவோ குமட்டலாகவோ வெளிப்படுகிறது.

இது மனப்பிரமை என்று சொல்பவர்களுக்குக் குழல் விளக்கை நினைவுபடுத்துவேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய வகை சோக் போட்ட குழல் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1989-இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வு ஒன்று, அலுவலகத்தில் அந்த விளக்குகளுக்குப் பதில் அதிவேகமாகத் துடிக்கும் விளக்குகளைப் போட்டுப் பார்த்தது. தலைவலியும் கண் உளைச்சலும் சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கின. எந்த விளக்கு எரிகிறது என்று ஊழியர்களுக்குத் தெரியாது.

சரி, டீச்சரின் கைப்பேசிக்கு வருவோம். கடை விளக்கை அணைத்தேன். இந்தச் சோதனையில் அது முக்கியம், கடை விளக்கே துடித்து ஆளைக் குழப்பிவிடும். அவருடைய திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தைக் கால் பங்குக்கு இறக்கினேன். என் கைப்பேசிக் கேமராவில் ப்ரோ முறைக்குப் போய், ஷட்டரை 1/4000 என்று வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தின் குறுக்கே சுண்டுவிரல் தடிமனில் கறுப்பு வரிகள் ஓடின. “இதுவா எனக்குத் தெரியாம ஓடிக்கிட்டிருந்துச்சு?” என்று டீச்சர் கேட்டார். வெளிச்சத்தை மெல்ல ஏற்றினேன். வரிகள் மெலிந்துகொண்டே வந்தன. பாதியைத் தாண்டியதும் ஒரே ஒரு மெல்லிய நிழல் வரிதான் மிஞ்சியது. அது திரை புதுப்பிக்கப்படும்போது வருவது, ஏறக்குறைய எல்லா ஓஎல்இடியிலும் இருக்கும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

அவர் வாங்கிய கடையில் “120 ஹெர்ட்ஸ் திரை, கண்ணுக்கு நல்லது” என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். 120 ஹெர்ட்ஸ் என்பது படம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்ற கணக்கு. துடிப்புக்கும் அதற்கும் தனித்தனி எண். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியும் நிறத்தைத்தான் மாற்றும், துடிப்பைத் தொடாது.

அன்று என் மேசையில் இருந்த மற்ற திரைகளையும் அதே கேமராவின் கீழ் வைத்துக் காட்டினேன்.

முதலில் எல்சிடி. வரியே இல்லை, ஒரே சீரான வெள்ளை. பல எல்சிடி கைப்பேசிகளில் பின்விளக்கு டிசி முறையில் மங்கும், துடித்தாலும் பெரும்பாலும் வேகமாகத் துடிக்கும். கறுப்பு சாம்பலாகத் தெரியும், வெயிலில் படிக்க முடியாது. இப்போது பெரும்பாலும் விலை குறைந்த கைப்பேசிகளில்தான் இது கிடைக்கிறது. உடைந்த ஓஎல்இடிக்குப் பதில் மலிவாக ‘இன்செல்’ போட்டுக்கொள்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அதுவும் எல்சிடிதான், அதனால் சிலருக்குத் தலைவலி நிற்கலாம். ஆனால் வெளியார் தயாரிப்பில் பின்விளக்கின் தரம் ஒன்றுபோல இருக்காது. கேமராவில் பார்த்த பிறகே நான் பொருத்திக் கொடுக்கிறேன்.

அடுத்து, டிசி முறையில் மங்கும் ஓஎல்இடி. சில கைப்பேசிகளில் இது அமைப்பில் DC dimming என்ற பெயரில் ஒரு பொத்தானாக இருக்கும். ஐபோன் 17 வரிசையில் Display Pulse Smoothing என்று ஒன்று வந்திருக்கிறது, பி.டபிள்யூ.எம்மை நிறுத்துவதுதான் அதன் வேலை. இப்படி மாற்றும்போது கண்ணுக்கு அமைதி கிடைக்கும். விலையாக, மிகக் குறைந்த வெளிச்சத்தில் சாம்பல் பரப்பில் பச்சையோ சிவப்போ லேசாகப் படரலாம். படிப்பவருக்கு இது பெரிய குறை இல்லை. இரவில் இருண்ட காட்சிகள் நிறைந்த படம் பார்ப்பவருக்கு உறுத்தும்.

மூன்றாவது, துடிப்பை நிறுத்தாமல் வேகத்தைக் கூட்டியது. 1920 ஹெர்ட்ஸ், 2160 ஹெர்ட்ஸ் என்றெல்லாம் பெட்டியில் எழுதியிருப்பார்கள். 2023-இல் வந்த ஹானர் 90-இல் இது 3840. நான் வைத்திருப்பதும் 3840 வகைதான், அதை 1/4000 ஷட்டரில் காட்டியபோது வரியே தெரியவில்லை. துடிப்பு இல்லாமல் இல்லை. அதன் ஒரு சுற்று 0.26 மில்லி வினாடி, ஷட்டர் திறந்திருப்பது 0.25 மில்லி வினாடி. ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றே உள்ளே விழுந்து சமமாகிவிடுகிறது.

வேகம் எவ்வளவு இருந்தால் போதும்? எல்இடி விளக்குகளுக்காக IEEE என்ற மின்பொறியாளர் அமைப்பு 2015-இல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரை ஒரு அளவுகோல் தருகிறது. திரைகளுக்காக எழுதியது இல்லை என்றாலும் கணக்குப் பார்க்க உதவும். ஹெர்ட்ஸை 0.08-ஆல் பெருக்கினால், வெளிச்சத்தில் எத்தனை விழுக்காடு ஏற்ற இறக்கம் வரை ஆபத்து குறைவு என்று தெரியும். 240-க்கு அது 19 விழுக்காடுதான். 480-க்கு 38. முழுக்க அணைந்து எரியும் திரை என்றால் 1250 ஹெர்ட்ஸாவது வேண்டும். 3000-ஐத் தாண்டினால் அந்தப் பரிந்துரையின் கடுமையான வரம்புக்கும் தடை இல்லை. எனவே பெட்டியில் உள்ள ஹெர்ட்ஸ் எண் பாதிக் கதைதான். எவ்வளவு ஆழமாக அணைகிறது என்பது மீதி. லேசாக மட்டும் மங்கி எழும் 480 திரை, முழுக்க அணைந்து எரியும் 480 திரையைவிட எவ்வளவோ மேல். கேமராவில் வரியின் கறுப்பு எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பதே கடையில் நின்றபடி செய்யக்கூடிய சோதனை.

டீச்சர் உடனே வேறு வாங்கத் தயாரானார். நான் தடுத்தேன். காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தானியங்கி வெளிச்சத்தை அணைத்து, வெளிச்சத்தை 60 விழுக்காட்டில் நிறுத்தி, ஆண்ட்ராய்டில் உள்ள Extra dim-ஐப் போட்டுவிட வேண்டும். ஐபோனில் Reduce White Point. இவை திரையைத் துடிக்கவைத்து மங்கலாக்குவதில்லை, படத்தின் வெள்ளையையே சாம்பலாக்குகின்றன. அவருடைய கைப்பேசி பாதி வெளிச்சத்துக்கு மேல் துடிப்பை விட்டுவிடுகிறது என்பதைக் கேமராவில் பார்த்தோம் இல்லையா, அதனால் இது எடுபடும். எந்த வெளிச்சத்திலும் துடிக்கும் கைப்பேசியில் பலன் குறைவாகத்தான் இருக்கும்.

ஒரு வாரம் கழித்து வந்தார். வலி இல்லை, ஆனால் அவ்வளவு மங்கலில் எழுத்து சாம்பலில் கரைந்தது போல இருக்கிறது, படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது என்றார். என்னுடைய 3840 கைப்பேசியை மூன்று இரவு கொடுத்து அனுப்பினேன். அடிமட்ட வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் படித்தும் வலி வரவில்லையாம். வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். கேமரா துடிப்பைத்தான் காட்டும், உங்கள் கண் அதைப் பொறுக்குமா என்று காட்டாது. தெரிந்தவரிடம் இரவல் வாங்கி இருட்டில் அரை மணி நேரம் படித்துப் பாருங்கள்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், குழல் விளக்கின் கீழ் உட்கார முடியாதவர்கள், இருட்டில் வெளிச்சத்தை இறக்கிப் படிப்பவர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும். ஒளியால் வலிப்பு வருபவர்களுக்கு ஆபத்தானது பெரும்பாலும் நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் வெளிச்சம், அதற்கும் இதற்கும் வெகு தூரம். மற்றவர்கள் இந்த எண்ணுக்காக ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

டீச்சரின் தம்பி செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். குலைக் கணக்கைக் கைப்பேசியில் பதிகிறவர், வெயிலில் எல்சிடி திரை தெரியவில்லை என்று ஒரு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அவர் கைப்பேசியையும் இருட்டில் கேமராவின் கீழ் வைத்தேன். ஒரு வரியும் இல்லை. அக்காவும் தம்பியும் என் மேசையிலேயே சிம் கார்டை மாற்றிக்கொண்டார்கள். அந்த ஓஎல்இடி இப்போது காலை ஏழு மணியிலிருந்து முழு வெளிச்சத்தில் எரிகிறது, வெயிலில் எண்கள் பளிச்சென்று தெரிகின்றன. இரவு எட்டு மணிக்கெல்லாம் தம்பி தூங்கிவிடுவார்.