சைபர் சென்டரில் ரயில் டிக்கெட் போட்டவர்கள் கவனத்துக்கு

பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு சைபர் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கூடவே ஜெராக்ஸ். வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ்க்காரர்கள். ஊருக்கு ரயில் டிக்கெட், ஆதார் பிரிண்ட், பையன் காலேஜ் அப்ளிகேஷன் என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கடையில் நடந்தது வேறு எந்தச் சென்டரிலும் நடக்கலாம் என்பதால் இந்த எச்சரிக்கை.

பொங்கலுக்கு முன் ஒரு அக்கா ஊருக்கு டிக்கெட் போட வந்தார். ஐ.ஆர்.சி.டி.சி. ஐடி அவருடையதுதான், பாஸ்வேர்டும் சரி. ஆனால் இந்த மாதத்துக்கான டிக்கெட் வரம்பு முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது. ஆதார் சரிபார்க்காத ஐடியில் மாதத்துக்கு 12 டிக்கெட்தான் போடலாம். அக்கா அந்த மாதம் ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை. பழைய டிக்கெட் பட்டியலைத் திறந்தால் முழுக்க முன்பின் தெரியாத பெயர்கள். சென்னைக்கும் பாட்னாவுக்குமாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். டிக்கெட் விவரம் அவர் மெயிலுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அந்த மெயிலை அவர் திறந்து பார்ப்பதே இல்லை.

"அண்ணாச்சி, நான் உங்க கடையைத் தவிர வேற எங்கயும் போடலையே" என்றார். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. கோபப்படவும் வழியில்லை, அக்கா சொன்னது உண்மை.

அக்கா வழக்கமாக உட்காரும் நான்காம் நம்பர் மெஷினில் ஐ.ஆர்.சி.டி.சி. பக்கத்தைத் திறந்து, பெயர் கட்டத்தில் கிளிக் செய்தார் கடைக்காரர். கீழே வரிசையாக ஐடிகள் விழுந்தன. எதைத் தொட்டாலும் பாஸ்வேர்ட் தானாக நிரம்பியது. கேப்சா மட்டும் அடித்தால் போதும். யாரோ ஒரு டிக்கெட் புரோக்கர் காசு கொடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்து, அடுத்தவர் ஐடிகளில் டிக்கெட் போட்டு, மேலே பணம் வைத்து விற்றிருக்கிறார். ஹேக்கிங் எதுவும் தேவைப்படவில்லை. தனிப்பட்ட ஐடியில் டிக்கெட் எடுத்து வியாபாரம் செய்வது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி குற்றம். விசாரணை வந்தால் முதலில் மாட்டுவது ஐடி வைத்திருப்பவரும், எந்த இணைப்பிலிருந்து போட்டார்களோ அந்தக் கடையும்தான்.

இது நடப்பதற்குக் காரணம் எளிது. லாகின் செய்ததும் மேலே ஒரு சின்னப் பெட்டி வந்து பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் இருப்பவர் நீல பட்டனை அழுத்திவிடுவார். வீட்டுக் கம்ப்யூட்டரில் அது வசதி. சென்டரில் எல்லா வாடிக்கையாளரும் ஒரே விண்டோஸ் கணக்கில், ஒரே குரோம் புரொஃபைலில் உட்காருகிறார்கள். குரோமைப் பொறுத்தவரை அவர்கள் எல்லோரும் ஒரே ஆள். சேமித்த பாஸ்வேர்டைக் கண்ணால் பார்க்க விண்டோஸ் பாஸ்வேர்ட் கேட்கும் என்பார்கள். சென்டர் மெஷினில் விண்டோஸுக்குப் பாஸ்வேர்டே வைத்திருக்க மாட்டார்கள். வைத்திருந்தாலும், தானாக நிரப்பி உள்ளே போவதற்கு அது தடையில்லை.

கடைக்காரர் முகவரிப் பட்டையில் chrome://password-manager/passwords என்று அடித்து ஆறு மெஷினையும் பார்த்தார். ஜிமெயில், பேஸ்புக், பி.எஃப். தளம், இரண்டு மெஷினில் வங்கி. உடனே எல்லாவற்றையும் அழிக்கப் போனவரைக் கணினி சர்வீஸ் பையன் தடுத்தான். "அண்ணாச்சி, மூணாம் நம்பர்ல மேல பாருங்க, யாரோட போட்டோ அது?" குரோமின் மூலையில் ஒரு வாடிக்கையாளரின் படம். அவருடைய கூகுள் கணக்கு குரோமோடு இணைந்து, மெஷினில் உள்ளதையும் கணக்கில் உள்ளதையும் ஒன்றாக்கும் சிங்க் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் பாஸ்வேர்ட்களை அழித்தால் அவருடைய போனில் இருப்பதும் சேர்ந்து அழியும். பலர் தெரியாமல் செய்யும் வேலை இது. முதலில் அந்தக் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும், அதன்பிறகு மெஷினில் உள்ள புரொஃபைலையே நீக்க வேண்டும். புரொஃபைல் போனால் சேமித்த பாஸ்வேர்ட், குக்கி, ஹிஸ்டரி எல்லாம் ஒன்றாகப் போய்விடும். அவருடைய கணக்கில் உள்ளது அப்படியே இருக்கும்.

அழிப்பதற்கு முன் தளத்தின் பெயரையும் ஐடியையும் மட்டும் குறித்துக்கொண்டார், பாஸ்வேர்டைத் திறக்கவில்லை. சைபர் கஃபேக்கான 2011 விதிகளின்படி வாடிக்கையாளர் பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். அதில் இருந்த போன் நம்பர்களை வைத்துத் தெரிந்தவர்களை அழைத்து, பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். சிலர் அவரையே சந்தேகப்பட்டார்கள். படட்டும், சொல்லாமல் விடுவதைவிட அது மேல்.

அடுத்து, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஒவ்வொரு மெஷினிலும் இந்த இரண்டு வரிகள்:

```
reg add "HKLM\SOFTWARE\Policies\Google\Chrome" /v PasswordManagerEnabled /t REG_DWORD /d 0 /f
reg add "HKLM\SOFTWARE\Policies\Google\Chrome" /v BrowserGuestModeEnforced /t REG_DWORD /d 1 /f
```

முதல் வரி, பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்ற கேள்வியையே நிறுத்துகிறது. ஆனால் ஏற்கெனவே சேமித்தவை அதன்பிறகும் வேலை செய்யும், அதனால்தான் புரொஃபைலை முதலில் நீக்குவது. இரண்டாவது வரி குரோமை எப்போதும் கெஸ்ட் முறையில் திறக்க வைக்கிறது, அதில் மூடியதும் லாகின், குக்கி, ஹிஸ்டரி எதுவும் தங்காது. குரோமை மூடித் திறந்து chrome://policy பக்கத்தில் இரண்டும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எட்ஜில் இது செல்லாது, அதற்குத் தனியாகப் போட வேண்டும். வேறு பிரவுசர்களை அவர் எடுத்தே விட்டார்.

கெஸ்ட் முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. எல்லா விண்டோவும் மூடினால்தான் லாகின் அழியும். ஒருவர் வாட்ஸ்அப் வெப் விண்டோவை மினிமைஸ் செய்துவிட்டுப் போனால், அடுத்து உட்காருபவருக்கு அது அப்படியே திறக்கும். டவுன்லோட் ஆன கோப்புகளும் கெஸ்ட் முறையில் போகாது. இ-ஆதார் பி.டி.எஃப். பூட்டியிருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அதன் பாஸ்வேர்ட். கோப்பின் பக்கத்திலேயே காலேஜ் அப்ளிகேஷன் கிடந்தால் இரண்டும் அதில் இருக்கும்.

அதனால் ஒருவர் எழுந்ததும், காசு வாங்கும் முன், டெஸ்க்டாப்பில் உள்ள ஒரு பேட்ச் கோப்பை இருமுறை கிளிக் செய்கிறார்:

```
taskkill /F /IM chrome.exe
del /F /Q "%USERPROFILE%\Downloads\*"
```

இது ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பாமல் நேரடியாக அழிக்கும். டவுன்லோட்ஸுக்குள் இருக்கும் ஃபோல்டர்களையும் டெஸ்க்டாப்பில் சேமித்ததையும் தொடாது. அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும். பென் டிரைவில் கோப்பை எடுத்துக்கொண்டாரா என்று கேட்டுவிட்டு அழுத்துவது நல்லது, இல்லையென்றால் சண்டை.

கெஸ்ட் முறையால் ஹிஸ்டரி போய்விடும். பார்த்த தளங்களின் பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று அதே 2011 விதிகள் சொல்கின்றன. அதை பிரவுசரில் தேடக்கூடாது. எல்லா மெஷினின் இணையமும் தன் வழியாகவே போகும்படி கவுன்டர் மெஷினில் ஒரு ப்ராக்ஸி வைத்து, அதன் லாகைச் சேமிக்கிறார் கடைக்காரர்.

வாடிக்கையாளருக்கு: ஏற்கெனவே சென்டரில் லாகின் செய்திருந்தால், உங்கள் போனிலிருந்தே பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஐ.ஆர்.சி.டி.சி.யில் பழைய டிக்கெட் பட்டியலைத் திறந்து தெரியாத பெயர் இருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்கள் பட்டியலில் தெரியாத மெஷினை வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். இத்தனை செய்தாலும், யாராவது கீபோர்டில் அடிப்பதைப் பதிவு செய்யும் கருவியைப் பின்னால் செருகியிருந்தால் இவை எதுவும் காப்பாற்றாது. வங்கி லாகினை மட்டும் சென்டரில் செய்யவே வேண்டாம். அந்தக் கடைக்காரரும் இப்போது வங்கி வேலை என்று வருபவரை உங்கள் போனிலேயே பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார், அரை மணி நேரக் காசு போனாலும்.